அபராதம் கட்ட வழியில்லை: 4 மாதம் உள்ளே இருந்தால் கணக்கு முடிந்துவிடுமா? (செக் கேஸ்)

மைதிலி_திருப்பூர்

வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் பற்றிய கேள்வி இது. மாமா சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் நடத்தி வந்தார். நூலைக் கடனுக்குக் கொடுத்தவருக்கு 3,00,000 ரூபாய்க்குச் செக் கொடுத்து அது திரும்பிவிட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 6 மாதம் மெய்க்காவல் சிறை, 4,00,000 அபராதம், அதில் 3,90,000 நூல்காரருக்கு இழப்பீடு, மீதி 10,000 அரசுக்கு, அபராதம் கட்டத் தவறினால் மேலும் 4 மாதம் என்று தீர்ப்பு. செஷன்ஸில் அப்பீல் போட்டோம், அதுவும் தள்ளுபடி ஆகிவிட்டது. இப்போது உள்ளே இருக்கிறார், 6 மாதம் இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த 4 மாதம் ஆரம்பிக்கும் என்று ஜெயிலில் சொல்கிறார்கள்.

என் கேள்விகள்: அந்த 4 மாதத்தையும் இருந்துவிட்டால் 4 லட்சம் போய்விடுமா? அக்கா நகையை வைத்தால் ஒரு லட்சம் புரட்டலாம், அதை மட்டும் கட்டினால் பிரயோஜனம் உண்டா? வீடு அக்கா பெயரில் இருக்கிறது, எங்கள் அப்பா எழுதிக் கொடுத்தது, அதை எடுத்துக்கொள்வார்களா? அக்கா தூங்கி எத்தனையோ நாள் ஆகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைவீதி_செந்தில்

நகையை வைக்காதீங்க. 4 மாதம் இருந்தால் கணக்கு தீர்ந்தது. அபராதத்துக்குப் பதில்தானே அந்தச் சிறை, இரண்டையும் ஒருத்தனிடம் எப்படி வாங்க முடியும்? எங்கள் தெருவில் ஒருத்தர் அடிதடி கேஸில் 2,000 ரூபாய் கட்டாமல் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார், அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்கவே இல்லை.

ஓய்வு_சிரஸ்தார்

செந்தில் தம்பி சொன்ன ஆளுக்கு நடந்தது சரிதான், ஆனால் அந்தக் கணக்கை இந்தக் கேஸுக்குப் போட்டால் பெரிய சிக்கலாகும். மாஜிஸ்திரேட் கோர்ட் ஆபீஸில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அபராதம் கட்டாததற்காகக் கொடுக்கும் சிறை, அபராதத்தைச் செலுத்தியதாக ஆக்காது. அது கட்ட வைப்பதற்கான நெருக்கடி. அதை முழுதாக அனுபவித்த பிறகும் பணம் பாக்கிதான். ஆனால் சட்டம் ஒரு இடத்தில் இரக்கம் காட்டுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 421, இப்போது புதிய சட்டத்தில் 461. ஒருவன் அந்தத் தவறுகைச் சிறையை முழுசாக இருந்து முடித்துவிட்டால், அதற்கப்புறம் ஜப்தி வாரண்ட் போடக்கூடாது, போட வேண்டுமென்றால் தனிக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அரசுக்குப் போகும் 2,000 ரூபாய்க்கு எந்த கோர்ட்டும் அப்படிக் காரணம் எழுதிக்கொண்டிருக்காது. அதனால்தான் உங்கள் தெருக்காரரை யாரும் தேடி வரவில்லை.

அதே வரியிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. அபராதத்திலிருந்து இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு இருந்தால் அந்தத் தடை கிடையாது. மைதிலி அம்மா கேஸில் 4 லட்சத்தில் 3,90,000 நூல்காரருக்குப் போக வேண்டியது. ஆக, 4 மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தாலும் அந்தப் பணத்துக்கு அவர் கோர்ட்டில் மனு போடலாம், வாரண்ட் வாங்கலாம். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பதில் எழுதும் முன் ஒன்று கேட்க வேண்டும். செஷன்ஸில் அப்பீல் போட்டபோது தண்டனையை நிறுத்தி வைக்க ஏதாவது பணம் கட்டச் சொன்னார்களா?

கரூர்_தறிக்காரர்

எல்லோரும் உள்ளே இருப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்தப் பக்கம் நிற்பவன். பெட்ஷீட் சரக்கு கொடுத்து 2,20,000 செக் திரும்பி, வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து ஜெயித்தேன். தீர்ப்பில் அபராதம் என்று இல்லை, 2,20,000 இழப்பீடு கொடுக்க வேண்டும், தவறினால் 3 மாதம் என்று இருந்தது. அவர் ஒரு ரூபாய் தரவில்லை, மூன்று மாதம் இருந்துவிட்டு வந்துவிட்டார். என் வக்கீலும் செந்தில் சொன்ன மாதிரிதான் சொன்னார், முடிந்தது என்று. இப்போது சிரஸ்தார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இன்னும் வழி இருக்கிறதா?

வேலூர்_ராணி

இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் அண்ணன் மகன் கஞ்சா கேஸில் 10 வருஷம், 1 லட்சம் அபராதம், கட்டாவிட்டால் 2 வருஷம். தண்டனையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஏழைக் கைதிகளுக்கு அரசாங்கமே அபராதம் கட்டும் திட்டம் வந்திருக்கிறதாமே, அதில் கட்டுவார்களா? மைதிலி, உங்கள் மாமாவுக்கும் அதைக் கேளுங்கள்.

மைதிலி_திருப்பூர்

ஐயா, ஆமாம். அப்பீல் போட்டபோது 60 நாளைக்குள் 20 சதவீதம் கட்டச் சொன்னார்கள். 80,000 கட்டினோம், அக்காவின் தாலிக்கொடி தவிர எல்லாம் அப்போதே போய்விட்டது. ரசீது இருக்கிறது. அந்தப் பணத்தை நூல்காரர் மனு போட்டு வாங்கிக்கொண்டார் என்று வக்கீல் சொன்னார். அதை ஏன் கேட்கிறீர்கள்?

இன்னொன்று, விசாரணையின்போது வாய்தாவுக்குப் போகாமல் விட்டதால் பிடிவாரண்டில் 12 நாள் உள்ளே இருந்தார். அதைக் கழிப்பார்களா?

கடைவீதி_செந்தில்

12 நாள் கட்டாயம் கழியும். மொத்தம் 10 மாதத்தில் 12 நாள் குறையும்.

ஓய்வு_சிரஸ்தார்

12 நாள் 6 மாதத்தில் கழியும், 4 மாதத்தில் கழியாது. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களைக் கழிக்கும் பிரிவே, அபராதம் கட்டத் தவறியதற்கான சிறைக்கு இது பொருந்தாது என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. இந்த 12 நாளை 6 மாதத்தில் கழித்துத்தான் ஜெயிலில் தேதி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோர்ட்டிலிருந்து போன சிறை வாரண்டில் அந்த நாட்களைக் குறிக்காமல் விட்டால் ஜெயிலில் தாமாகக் கழிக்க மாட்டார்கள்.

80,000 ஏன் கேட்டேன் என்றால், அதுதான் இங்கே முக்கியம். அபராதத்தில் ஒரு பங்கு கட்டினால் அதே விகிதத்தில் நாளும் குறையும். உங்கள் கேஸில் கணக்கு சுலபம்: 4 லட்சத்துக்கு 4 மாதம், ஒரு லட்சத்துக்கு ஒரு மாதம். நீங்கள் ஏற்கெனவே கட்டிய 80,000 அபராதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பாக்கி 3,20,000. அதற்கு 3 மாதமும் சுமார் 6 நாளும் இருந்தால் போதும், முழு 4 மாதம் இருக்க வேண்டியதில்லை. இப்போது இன்னும் ஒரு லட்சம் கட்டினால் பாக்கி 2,20,000, அதற்கு 2 மாதம் 6 நாள். எந்த நாளில் கட்டினாலும், அதுவரை இருந்த நாள் மீதமுள்ள பாக்கிக்கு ஈடாக வந்துவிட்டால் அன்றே விட்டுவிட வேண்டும்.

ஆனால் ஜெயிலில் இருக்கும் வாரண்டில் 4 லட்சம், 4 மாதம் என்றுதான் இருக்கும். அப்பீல் கோர்ட்டில் டெபாசிட் கட்டினது அவர்களுக்குத் தெரியாது. அப்பீல் தள்ளுபடி ஆகி வழக்குக் கட்டு திரும்பி வரும்போது இந்த வரவை யாரும் குறிக்காமல் விட்ட கேஸ்களை நானே பார்த்திருக்கிறேன், அந்த ஆள் அநியாயமாகக் கூடுதல் நாள் உள்ளே கிடப்பான். ஆகவே நாளைக்கே வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு மனு கொடுங்கள். 80,000 ரசீது நகல், அதை நூல்காரர் பெற்றுக்கொண்டதற்கான உத்தரவு நகல் இரண்டையும் வைத்து, இந்தத் தொகையை அபராதத்தில் வரவு வைத்து சிறைக் கண்காணிப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

அருள்_வக்கீல்

சிரஸ்தார் ஐயா சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த விகிதக் கணக்கு "அபராதம்" என்று எழுதிய தொகைக்குத்தான் சட்டத்தில் இருக்கிறது. மைதிலி அவர்கள் சொல்வது போல அபராதம் போட்டு அதிலிருந்து இழப்பீடு என்றால் பிரச்சினை இல்லை. கரூர் அண்ணன் கேஸ் மாதிரி அபராதமே போடாமல் நேரடியாக இழப்பீடு என்று எழுதியிருந்தால், அதற்கும் தவறுகைச் சிறை விதிக்கலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பகுதித் தொகை கட்டினால் அங்கேயும் அதே விகிதத்தில் நாள் குறையுமா என்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குறைய வேண்டும் என்றுதான் நான் வாதாடுவேன், ஆனால் எதிர்ப்பக்கமும் வாதம் இருக்கிறது. அதனால் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள் மைதிலி. கேட்டதை வைத்துச் சொல்வதற்கும் படித்துவிட்டுச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

கரூர் அண்ணன், உங்களுக்கு வழி இருக்கிறது. இழப்பீட்டுத் தொகையையும் அபராதம் போலவே வசூலிக்கலாம். தண்டனை கொடுத்த நாளிலிருந்து 6 வருஷம் ஆகிவிட்டதா என்று முதலில் பாருங்கள், அபராத வசூலுக்கு அதுதான் பொதுவான கெடு. ஆகவில்லை என்றால் தண்டித்த அதே கோர்ட்டில் வாரண்ட் கேட்டு மனு போடுங்கள். அசையும் சொத்து என்றால் ஜப்தி செய்து விற்பார்கள். நிலம், வீடு என்றால் கலெக்டருக்கு வாரண்ட் போகும், நில வரிப் பாக்கி மாதிரி வசூலிப்பார்கள், தாசில்தார் ஆபீஸ் மூலம் நடக்கும்.

கரூர்_தறிக்காரர்

4 வருஷம்தான் ஆகிறது. ஆனால் தம்பி, அவர் பெயரில் இப்போது எதுவும் இல்லை. கேஸ் நடக்கும்போதே வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டார். தாசில்தார் ஆபீஸுக்கு வாரண்ட் போனால் "இவர் பெயரில் சொத்து இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்களே. ஜெயிலுக்கும் போய்விட்டு வந்தாச்சு, சொத்தும் இல்லை. என் தறிக்கு நூல் வாங்கின கடனை நான் இன்னும் வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறேன். திரும்ப உள்ளே போடவாவது முடியுமா?

அருள்_வக்கீல்

முடியாது. ஒரு முறை அனுபவித்த தவறுகைச் சிறையை இரண்டாவது முறை போட முடியாது. கலெக்டர் மூலம் வசூலிக்கும்போதும், நில வரிக்கு ஆளைப் பிடித்து வைக்கும் அதிகாரம் வருவாய் வசூல் சட்டத்தில் இருந்தாலும், இந்த வாரண்டுக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது என்று நடைமுறைச் சட்டமே தடுக்கிறது. சொத்தின் மீதுதான் கை வைக்கலாம்.

மகன் பெயருக்கு எழுதியது கடன்காரரை ஏமாற்றத்தான் என்று காட்ட முடிந்தால் அந்தப் பத்திரத்தை எதிர்த்து சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குப் போடலாம். எப்போது எழுதினார், மகன் பணம் கொடுத்து வாங்கினாரா அல்லது தான செட்டில்மெண்டா, இதெல்லாம் வில்லங்கச் சான்று எடுத்தால் தெரியும். செலவும் காலமும் ஆகும், ஜெயிப்பீர்கள் என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

கடைவீதி_செந்தில்

அப்போ ஏழைக்கு மட்டும் இரண்டு தண்டனை. பணம் இருக்கிறவன் 4 லட்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போவான். இல்லாதவன் 4 மாதமும் இருப்பான், வெளியே வந்து பாக்கியும் கட்டுவான். இது எனக்கு ஒப்பவில்லை, சட்டத்தில் எப்படி இருந்தாலும்.

கரூர்_தறிக்காரர்

செந்தில், அந்தப் பணம் என்னுடையது. அவர் ஏழை ஆனதில் நானும் பாதி ஏழை ஆகிவிட்டேன். அதையும் பாருங்கள்.

ஓய்வு_சிரஸ்தார்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. கோர்ட் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: தொகையை விதிக்கும்போதே இந்த ஆளால் கட்ட முடியுமா என்று. 1977-இல் பழனியப்ப கவுண்டர் என்ற தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. கொலை வழக்கு, ஆயுள் தண்டனையோடு உயர் நீதிமன்றம் 20,000 அபராதம் போட்டிருந்தது, அதை உச்ச நீதிமன்றம் 3,000 ஆகக் குறைத்தது. நடைமுறையில் செக் கேஸில் யாரும் அந்த விசாரணை செய்வதில்லை. செக் தொகை என்ன, அதற்கு மேல் வட்டி மாதிரி கொஞ்சம், அவ்வளவுதான். குற்றவாளி தரப்பிலும் "என்னால் கட்ட முடியாது, வருமானம் இவ்வளவு" என்று தண்டனை பற்றிக் கேட்கும்போது காகிதம் வைத்துச் சொல்பவர் குறைவு. "ஐயா, குடும்பம் இருக்கிறது, கருணை காட்டுங்கள்" என்று ஒரு வரி சொல்வார்கள், அதைப் பதிந்துகொண்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார்கள்.

ராணி அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2023-இல் மத்திய உள்துறை கொண்டுவந்த திட்டம் உண்மைதான். அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவரைப் பற்றி ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு செயலாளருக்கு எழுத வேண்டும், அவர் வசதியை விசாரிப்பார், கலெக்டர் இருக்கும் மாவட்டக் குழு 25,000 வரைக்கும் அபராதத்தைக் கட்ட அனுமதிக்கும். அதற்கு மேல் என்றால் மாநில அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். ஆனால் போதைப்பொருள் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அந்த உதவி கிடையாது என்று அதில் இருக்கிறது. உங்கள் அண்ணன் மகனுக்கு அந்த வழியை நம்பி இருக்க வேண்டாம்.

வேலூர்_ராணி

அப்போ 2 வருஷம் கூடுதலாக இருந்தே ஆக வேண்டுமா? அவன் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறாள். 1 லட்சத்துக்கு எங்கே போவாள்?

அருள்_வக்கீல்

கட்டாயம் இல்லை. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2007-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் இதே 10 வருஷம், 1 லட்சம் அபராதம், கட்டாவிட்டால் 3 வருஷம் என்று இருந்தது. உச்ச நீதிமன்றம் 10 வருஷத்தையும் அபராதத்தையும் தொடவில்லை, அவற்றைக் குறைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் தவறுகைச் சிறையை 3 வருஷத்திலிருந்து 6 மாதமாக்கியது. ஆள் ஏழை, குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர், பெரிய வியாபாரி இல்லை என்பதைப் பார்த்தது. உங்கள் அண்ணன் மகனுக்கு உயர் நீதிமன்றத்தில் அப்பீல் முடிந்துவிட்டதா? நிலுவையில் இருந்தால் அதிலேயே இதை மட்டுமாவது கேளுங்கள். முடிந்துவிட்டது என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்டு, உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று யோசிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே வக்கீல் கிடைப்பார்.

ஒருவேளை அவன் மீது இரண்டு பிரிவில் தனித்தனி அபராதம் இருந்தால் அதையும் கவனியுங்கள். மெயின் தண்டனைகள் ஏககாலத்தில் ஓடலாம், தவறுகைச் சிறைகள் அப்படி ஓடாது, ஒன்றன் பின் ஒன்றாகத்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. "ஏககாலத்தில்" என்று தீர்ப்பில் பார்த்துவிட்டுக் குடும்பம் ஒரு தேதிக்குக் காத்திருக்கும், ஜெயிலில் வேறு தேதி சொல்வார்கள்.

வேலூர்_ராணி

அப்பீல் 2 வருஷமாகப் பெண்டிங்கில் இருக்கிறது. சரி, இதைச் சொல்கிறேன்.

மைதிலி_திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. தீர்ப்பைப் படித்தேன், "4,00,000 அபராதம் விதிக்கப்படுகிறது, அதில் 3,90,000 புகார்தாரருக்கு" என்றுதான் இருக்கிறது. வக்கீலிடம் 80,000 பற்றிச் சொன்னேன், அவர் அதை யோசிக்கவே இல்லை போல, மனு போடுகிறேன் என்றார்.

இப்போது என்ன செய்யட்டும்? ஒரு லட்சம் நாளை கிடைக்கும். மாமாவின் தம்பி இரண்டு மாதத்தில் இன்னும் ஒரு லட்சத்துச் சொச்சம் தருவதாகச் சொல்கிறார். கையில் இருக்கும் ஒரு லட்சத்தை உடனே கோர்ட்டில் கட்டினால் ஒரு மாதம் குறையும் என்பது புரிகிறது. அக்கா வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஓய்வு_சிரஸ்தார்

வீட்டைப் பற்றி முதலில். அபராதம் தண்டனை பெற்றவரின் சொத்திலிருந்துதான் வசூலாகும். உங்கள் அப்பா அக்காவுக்கு எழுதிக் கொடுத்த வீடு மாமாவின் சொத்து ஆகாது. ஆனால் ஜப்திக்கு வருபவர்களுக்கு அது தெரியாது, மெஷின், வண்டி, வீட்டுச் சாமான் என்று எது அவர் அனுபவத்தில் இருப்பதாகத் தெரிகிறதோ அதில் கை வைப்பார்கள். பத்திர நகலையும் வரி ரசீதையும் கையில் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தவறாக ஜப்தி செய்தால் அக்கா தன் பெயரில் கோர்ட்டில் ஆட்சேபணை மனு போட வேண்டும். நிட்டிங் மெஷின் யார் பெயரில் பில் இருக்கிறது?

இப்போது ஒரு லட்சம். அவசரப்பட்டு நாளைக்கே கோர்ட்டில் கட்டாதீர்கள் என்பது என் கருத்து. கோர்ட்டில் கட்டினால் ஒரு மாதம் குறையும், அவ்வளவுதான். மாமா மேல் குற்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும், மீதி 2,20,000 பாக்கியும் நிற்கும். அதே பணத்தை வைத்து நூல்காரரோடு சமரசம் பேசிப் பாருங்கள். செக் கேஸ் எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்யக்கூடிய குற்றம். அவர் செக் தொகை 3 லட்சம், 80,000 ஏற்கெனவே வாங்கிவிட்டார். இன்னும் 2,20,000 கிடைத்தால் அவருக்கு அசல் வந்துவிடும். அதற்கு ஒப்புக்கொண்டு இருவரும் கையெழுத்துப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுவோடு சமரச மனுவும் கொடுத்தால், கோர்ட் ஏற்றுக்கொண்டதும் அது விடுதலை ஆனதற்குச் சமம். தண்டனையே போய்விடும்போது அபராதமும் இல்லை, அந்த 4 மாதமும் இல்லை.

கரூர் அண்ணன் எழுதியதை நினைத்துப் பாருங்கள். மாமா 3 மாதம் 6 நாளும் இருந்துவிட்டு வந்தால் நூல்காரர் அவரைப் போல வாரண்ட் மனுவோடு அலைய வேண்டும். அவர் வக்கீல் அதை எடுத்துச் சொன்னால் பேச வருவார்.

அருள்_வக்கீல்

நல்ல யோசனை, இரண்டு விஷயம் சேர்க்கிறேன். சீராய்வுக்கு 90 நாள் கெடு, செஷன்ஸ் தீர்ப்பு வந்து அது கடந்திருக்கும், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு சேர்த்துப் போட வேண்டும். சமரசம் வந்துவிட்டது என்றால் கோர்ட் பெரும்பாலும் பிடிவாதம் பிடிக்காது. இரண்டாவது, தாமதமாகச் சமரசம் செய்பவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செலவுத் தொகை கட்ட வேண்டும். 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி உயர் நீதிமன்றக் கட்டத்தில் செக் தொகையில் 15 சதவீதம், 2025-இல் அதை 7.5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். உங்களுக்கு 22,500 வரும். இதைக் கணக்கில் சேர்க்காமல் 2,20,000 மட்டும் புரட்டிவிட்டு கடைசி நாளில் தவிப்பார்கள். அந்தத் தொகையையும் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், நீதிபதியைப் பொறுத்தது.

இதற்கெல்லாம் சில வாரம் ஆகும், அதற்குள் 6 மாதம் முடிந்து தவறுகைச் சிறை ஓட ஆரம்பித்துவிடும். அதனால் சீராய்வு மனுவோடு தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் போடச் சொல்லுங்கள். கோர்ட் டெபாசிட் கேட்கும், அந்த ஒரு லட்சம் அப்போது உதவும்.

கடைவீதி_செந்தில்

நூல்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால்? 4 லட்சம் தீர்ப்பு கையில் வைத்திருப்பவர் ஏன் 3 லட்சத்துக்கு இறங்க வேண்டும்? சிவில் வழக்கும் போட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம்.

அருள்_வக்கீல்

ஒப்புக்கொள்ளாவிட்டால் சமரசம் கிடையாது, அவர் சம்மதம் வேண்டும். அப்போது கோர்ட்டில் கட்டி நாளைக் குறைப்பதுதான் மிச்சம். சிவில் வழக்கு போட்டிருந்தாலும், இதே பரிவர்த்தனைக்கு இங்கே இழப்பீடாக வாங்கியதை அங்கே கழிக்க வேண்டும், இரண்டு முறை வாங்க முடியாது. மைதிலி, சிவில் கேஸ் ஏதும் இருக்கிறதா?

மைதிலி_திருப்பூர்

சிவில் கேஸ் இல்லை என்று அக்கா சொல்கிறாள். மெஷின் இரண்டும் மாமா பெயரில்தான் பில், ஒன்றை ஏற்கெனவே விற்றாச்சு. நூல்காரரிடம் பேச மாமாவின் தம்பியும் எங்கள் பெரியப்பாவும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். முதலில் ஒரு லட்சம் கையோடு கொடுத்துவிடலாமா, இல்லை கையெழுத்து ஆகட்டும் என்று வைத்திருக்கலாமா?

கரூர்_தறிக்காரர்

நான் அவர் இடத்தில் இருந்தால், பணத்தைக் கண்ணில் பார்த்தால்தான் பேசுவேன். வெறும் வார்த்தையை நிறையக் கேட்டாச்சு.

ஓய்வு_சிரஸ்தார்

அதுவும் சரி. ஆனால் ரொக்கமாக வேண்டாம். டிடி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், அவர் வக்கீல் ஆபீஸில் வைத்து உடன்படிக்கை எழுதும்போது கொடுங்கள். எந்த வழக்கு எண், எந்த கோர்ட், இதுவரை வாங்கிய 80,000, இன்று கொடுப்பது, மீதி என்றைக்கு, மீதி வந்ததும் சமரச மனுவில் கையெழுத்துப் போடுவேன் என்று அதில் இருக்க வேண்டும். 80,000 வரவு மனுவை இதற்காக நிறுத்தி வைக்காதீர்கள், சமரசம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உங்களுக்கு வேண்டும். திங்கட்கிழமை அந்த மனு நம்பர் ஆகிவிட்டதா என்று கோர்ட்டில் நேரில் போய்ப் பாருங்கள்.